இரவு 1 மணிக்கு வேலை முடிந்தால் வீட்டுக்கு எப்படி?

“கவர்ச்சியான சம்பளம், இரவு வேலைக்கான அலவன்ஸ், அனைத்துலக வாடிக்கையாளர்கள்.” பங்சார் சவுத், பெட்டாலிங் ஜெயா, சைபர்ஜெயா பக்கம் வேலை தேடும் பிள்ளைகள் இந்த வரியை நிச்சயம் பார்த்திருப்பார்கள். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு லண்டனில் இருப்பவரின் கணக்கைச் சரிபார்க்கும் வேலை. அல்லது நியூயார்க்கில் ஒருவரின் கணினி நின்றுவிட்டால் இங்கிருந்து அதை எழுப்பிவிடும் வேலை. அங்கே பகல் என்றால் இங்கே இரவு. அந்த இரவை விலை பேசுவதுதான் இந்த வேலைகளின் சாரம்.

இத்தகைய நிலையங்களில் நான் 14 ஆண்டுகள் இருந்தேன். கடைசி ஆறு ஆண்டுகளில் யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை போடுவது என் பொறுப்பு. அதனால்தானோ என்னவோ, சொந்தத்தில் யாருக்காவது இப்படி ஒரு வேலை வந்தால் கடிதத்தை எனக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அண்மையில் என் அக்காள் மகள் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்களை அனுப்பி, “சித்தி, எதை எடுக்கலாம்?” என்று கேட்டாள். 24 வயது. கிள்ளானில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு வேலை, 2,700 வெள்ளி சம்பளம், மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடப் பயணம். புதிய இரண்டு வேலைகளும் பங்சார் சவுத்தில். இரண்டிலும் அடிப்படைச் சம்பளம் 3,300 வெள்ளி.

முதல் கடிதத்தில், பிரிட்டன் நேரப்படி காலை 8 முதல் மாலை 5 வரை வேலை. வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் 20 வெள்ளி அலவன்ஸ். இரண்டாவது, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி காலை 8 முதல் மாலை 5 வரை. மாதம் 900 வெள்ளி நிலையான அலவன்ஸ். வீட்டில் எல்லாருக்கும் முதல் வேலைதான் பிடித்திருந்தது. “நடு இரவோடு முடிந்துவிடும், பிள்ளை வீட்டில் வந்து படுத்துக்கொள்ளும்” என்றார் அக்காள். இரண்டாவதைக் கேட்டதும் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடிகாரத்தை மொழிபெயர்த்துப் பாருங்கள்

கடிதத்தில் வெளிநாட்டு நேரம் போட்டிருந்தால், அதை நம் நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதுவதுதான் முதல் வேலை. ஒரு முறை எழுதினால் போதாது, இரண்டு முறை எழுத வேண்டும். பிரிட்டனும் அமெரிக்காவும் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகின்றன. நாம் மாற்றுவதில்லை.

பிரிட்டனில் குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் 8 மணி நேர வித்தியாசம், கோடையில் 7 மணி. ஆக, முதல் வேலை மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம் நேரப்படி பிற்பகல் 3 முதல் நள்ளிரவு 12 வரை. மற்ற ஐந்து மாதங்கள் மாலை 4 முதல் பின்னிரவு 1 வரை. நியூயார்க் நேரத்துக்கும் நமக்கும் குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12 மணி வித்தியாசம். அங்கே மாற்றம் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் வரும். ஆக, இரண்டாவது வேலை கோடையில் இரவு 8 முதல் காலை 5 வரை, குளிர்காலத்தில் இரவு 9 முதல் காலை 6 வரை.

ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கடைசி ரயில் போய்விடும், அல்லது முதல் ரயில் இன்னும் வராமல் இருக்கும். அட்டவணை போட்ட காலத்தில் மார்ச்சிலும் நவம்பரிலும்தான் எனக்கு அதிகப் புகார்கள் வரும். புகார் வேலையைப் பற்றி இருக்காது, வீடு திரும்புவதைப் பற்றித்தான் இருக்கும்.

வாரமும் இடம் மாறும். அமெரிக்காவின் வெள்ளிக்கிழமை நமக்குச் சனிக்கிழமை காலையில்தான் முடிகிறது. சனிக்கிழமை பகல் தூக்கத்தில் போகும். ஆனால் திங்கட்கிழமை பகல் முழுதும் கையில் இருக்கும். வங்கிக்கோ கிளினிக்குக்கோ அம்மாவை அழைத்துப்போக அது நல்ல நாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அலவன்ஸ் உண்மையில் எவ்வளவு?

இரவு வேலைக்குத் தனி அலவன்ஸ் கொடுக்க வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை. அது நிறுவனம் கொடுப்பது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உரிமை. அதனால் தொகையைவிட அது எந்தப் பெயரில், எந்த நிபந்தனையில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் வேலையின் 20 வெள்ளி, வந்த நாளுக்கு மட்டும். 22 நாட்கள் வந்தால் 440 வெள்ளி. காய்ச்சலில் இரண்டு நாள், தீபாவளிக்கு மூன்று நாள் எடுத்தால் 340. இரண்டாவது வேலையின் 900 நிலையானது, விடுப்பிலும் வரும். அடுத்து, ‘ஷிப்ட் அலவன்ஸ்’ என்ற பெயரில் வரும் பணத்துக்கு இபிஎஃப் சந்தா உண்டு. ‘போக்குவரத்து அலவன்ஸ்’ என்ற பெயரில் வந்தால் இல்லை. 440 வெள்ளிக்கு முதலாளி தரப்பின் 13 விழுக்காடு என்றால் மாதம் ஏறக்குறைய 57 வெள்ளி. கையில் அதே தொகைதான் பேசப்படுகிறது, ஆனால் பெயர் மாறினால் அந்த 57 போய்விடும்.

பலர் கவனிக்காத இடம் இன்னொன்று இருக்கிறது. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. ஆனால் மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டியவர்களுக்கு, சட்டப்படியான மிகை நேரச் சம்பளம் கிடையாது. அந்த 4,000-ஐக் கணக்கிடும்போது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. வேலைக்காகப் பணமாகக் கொடுக்கப்படும் ஷிப்ட் அலவன்ஸும் அதில் சேரும். பயணப் படி, கமிஷன், மிகை நேரச் சம்பளம் போன்றவை சேராது. ஆக இரண்டாவது வேலையில் 3,300-உம் 900-உம் சேர்ந்து 4,200. கோட்டைத் தாண்டிவிட்டது. முதல் வேலையில் 3,740, கோட்டுக்குக் கீழே.

இதனால் என்ன ஆகும்? கணக்கு வேலையில் மாத முடிவும் காலாண்டு முடிவும் வரும்போது கூடுதல் நேரம் தவிர்க்க முடியாதது. 3,300 வெள்ளியை 26-ஆல் வகுத்து, அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 15 வெள்ளி 87 காசு. ஒன்றரை மடங்கு என்றால் 23 வெள்ளி 80 காசு. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே மாதம் பத்து மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் 238 வெள்ளி. முதல் வேலையில் இதைச் சட்டப்படி கேட்கலாம். இரண்டாவதில், நிறுவனத்தின் சொந்த விதியில் இருந்தால்தான் உண்டு. சில நல்ல நிறுவனங்கள் கோட்டைத் தாண்டியவர்களுக்கும் கொடுக்கின்றன. அதை எழுத்தில் கேட்க வேண்டும். “கொடுப்போம், கவலைப்படாதீங்க” என்று தொலைபேசியில் சொல்வதை நான் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

இனிப் பயணச் செலவுக்கு வருவோம். இங்கேதான் வீட்டில் எல்லாருடைய கணிப்பும் தலைகீழாகப் போனது.

முதல் வேலைக்குப் போவது சுலபம். கிள்ளானிலிருந்து கொமுட்டர், கேஎல் சென்ட்ரலில் மாறி எல்ஆர்டி, கெரிஞ்சியில் இறங்கினால் நடக்கும் தூரம். 7 வெள்ளிக்குள் முடிந்துவிடும். திரும்புவதுதான் சிக்கல். நள்ளிரவு 12-க்கு முடிந்தால் எல்ஆர்டி ஒருவேளை கிடைக்கும், கிள்ளான் கொமுட்டர் போயிருக்கும். 1 மணிக்கு முடிந்தால் இரண்டும் இல்லை. கிராப்தான். மூன்று வெவ்வேறு இரவுகளில் சரியாக 12.10-க்கும் 1.10-க்கும் செயலியைத் திறந்து, கட்டணத்தை மட்டும் பார்த்து மூடச் சொன்னேன். 38 முதல் 52 வெள்ளி வரை காட்டியது. சராசரி 45 என்று வைத்தால் 22 நாளுக்கு 990 வெள்ளி. போகும் செலவு 154. மொத்தம் 1,144.

3,300-உம் 440-உம் கூட்டி அதில் 1,144-ஐக் கழித்தால் 2,596 வெள்ளி. இப்போதைய வேலையில் 2,700-இல் பெட்ரோலுக்கு 100 போக 2,600. நான்கு வெள்ளி குறைவாகச் சம்பாதிக்க நள்ளிரவில் நெடுஞ்சாலையில் போக வேண்டும். அவள் அந்தத் தாளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள்.

வீட்டார் பயந்த இரண்டாவது வேலையில், காலை 6 மணிக்கு முடித்து இறங்கினால் ரயில் ஓடத் தொடங்கியிருக்கும். போக, வர நாளுக்கு 14 வெள்ளி, மாதம் 308. 4,200-இல் 308 போக 3,892. பணத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. பாதுகாப்பிலும்கூட, காலை 6 மணிக்குக் கெரிஞ்சி நிலையத்தில் வேலைக்குப் போகும் கூட்டம் இருக்கும். பின்னிரவு 1 மணிக்கு அதே நடைபாலத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

உடம்பு கொடுக்கும் விலை

அப்படியானால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாமா என்றால், அங்கே தூக்கம் வந்து நிற்கிறது.

முதல் வேலையில் பின்னிரவு 2 மணிக்கு வீடு. குளித்து, ஏதாவது சாப்பிட்டு, மனம் அடங்கி, 3 மணிக்குப் படுக்கை. காலை 10 வரை தூங்கினால் ஏழு மணி நேரம். இது இரவுத் தூக்கம்தான், கொஞ்சம் பிந்திய இரவு. நம் உடல் கடிகாரத்தை முன்னால் இழுப்பதைவிடப் பின்னால் தள்ளுவது பொதுவாகச் சுலபம். அதனால் தினமும் அதே 3 மணி என்றால் இரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். பழகாதது வீடுதான். காலை 6 மணிக்குக் குக்கர் விசில், 7 மணிக்குத் தம்பியின் பள்ளி வேன் ஹாரன், 9 மணிக்குப் பக்கத்து வீட்டு டிரில் மிஷின்.

இரண்டாவது வேலை வேறு விதம். காலை 4, 5 மணி வாக்கில் உடம்பின் சூடு மிகவும் இறங்கி, விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில்தான் எண்களைச் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். பிறகு ரயில் ஏறி, வீட்டை அடையக் காலை 8 மணி. 9 மணிக்குப் படுத்தால், உடம்பு தன் பகலைத் தொடங்கிவிட்ட நேரம். பகல் தூக்கம் பெரும்பாலும் ஐந்து, ஆறு மணி நேரத்தில் கலைந்துவிடும். வேலையே இல்லாமல் அமைதியாகக் கிடந்தாலும் அப்படித்தான். மலேசியத் தாமான் வீட்டின் மாடி அறையில் பிற்பகல் 2 மணி வெப்பம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. குளிர்சாதனத்தின் மின்கட்டணத்தையும் வேலைச் செலவில் எழுத வேண்டும்.

வெளிச்சமும் ஒரு பங்கு வகிக்கிறது. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. அதனால் நமக்குச் சூரியன் 7 மணி வாக்கில்தான் எழுகிறது. இரவு வேலைக்காரருக்கு இது ஒரு சிறிய வரம். 6 மணிக்கு முடித்து, 6.45-க்குள் வீட்டை அடைந்து படுக்கும் தூரத்தில் இருப்பவர் இருட்டிலேயே தூங்கப் போய்விடலாம். காலை வெயில் கண்ணில் பட்டால் மூளை அதை விடியல் என்று எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். கொமுட்டரில் கிள்ளான் வரை வருபவர் அந்த வெயிலில்தான் வர வேண்டும். என் குழுவில் இரண்டு பேர் காலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரயிலேறுவார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த இரண்டு பேர்தான் மூன்று ஆண்டுகள் அந்த ஷிப்டில் நின்றவர்கள்.

விடுமுறை நாளில்தான் பலர் கெட்டுப்போகிறார்கள். ஐந்து நாள் பகலில் தூங்கி, சனி ஞாயிறு இரவுத் தூக்கத்துக்கு மாறி, திங்கள் இரவு மறுபடி புரட்டினால், வாரந்தோறும் நியூயார்க் போய் வந்த களைப்பு. முழுதாக மாறாமல், எல்லா நாளும் குறைந்தது நான்கு மணி நேரமாவது பொதுவாக இருக்கும்படி தூக்கத்தை வைத்துக்கொள்வது உதவும். வேலை நாளில் காலை 9 முதல் பிற்பகல் 3 வரை தூங்குபவர், விடுமுறையில் பின்னிரவு 4 முதல் மதியம் 1 வரைக்குள் தூங்கினால் அது அமையும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணம், கோயில் என்று இருக்கும் குடும்பத்தில் இது எத்தனை வாரம் நடக்கும் என்பதை அவரவர் வீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும் வேலையாக இருந்தால் இன்னும் கடினம். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் போகிறதா என்று கேளுங்கள். இரவிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து காலைக்கு என்று பின்னோக்கி வரும் அட்டவணையை உடம்பு அதிகம் வெறுக்கும்.

நீண்டகால விளைவைப் பற்றிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இரவு வேலையை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற பிரிவில் 2007-இல் வைத்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அங்கேயே வைத்தது. இரண்டு ஆண்டு இரவு வேலை பார்த்த எல்லாருக்கும் நோய் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. நமக்கு இன்னும் பக்கத்தில் நிற்கும் கவலை நீரிழிவு. இந்நாட்டு இந்தியர்களிடையே அது அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பின்னிரவு 3 மணிக்குச் சாப்பிடும் ஒரு தட்டு நாசி லெமாக், பகலில் சாப்பிடும் அதே தட்டைவிட இரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். இன்சுலின் போடுபவர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் தங்கள் மருத்துவரிடம் அட்டவணையைக் காட்டியாக வேண்டும். தூக்கம் கெட்டால் வலிப்பு தூண்டப்படலாம்.

கார் இருக்கிறதே, ஓட்டிக்கொண்டு வரலாமே என்று அத்தான் கேட்டார். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2020 முதல் நம் சாலைச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். காலை 9 மணிக்கு எழுந்தவர் பின்னிரவு 2 மணிக்கு அந்தக் கோட்டில் நிற்கிறார். பகலில் தூங்காமல் இரவு வேலைக்குப் போனவர் காலையில் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பார். கடந்த சில கிலோமீட்டரை எப்படிக் கடந்தோம் என்று நினைவில்லை என்றால், கோட்டுக்கு வெளியே சக்கரம் உரசி அதிர்ந்தால், கண்ணாடியை இறக்கியோ பாட்டைச் சத்தமாக வைத்தோ பயன் இல்லை. ஓய்விடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குவதுதான் வழி. தினமும் அப்படி நிறுத்த வேண்டியிருந்தால் அந்த வேலைக்குக் கார் பொருந்தாது.

“போக்குவரத்து வசதி உண்டு” என்ற வரி

முதல் வேலையின் கடிதத்தின் அடியில், இருப்பைப் பொறுத்துப் போக்குவரத்து வசதி வழங்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை செய்வதற்குச் சட்டத்தில் முன்பு இருந்த தனிக் கட்டுப்பாடு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அலுவலக ஊழியருக்கு வாகனம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் அந்த ஒரு வரியின் பொருளைத் துருவிக் கேட்க வேண்டும்.

அவள் கேட்டாள். வேன் உண்டாம். ஆனால் கேஎல் சென்ட்ரல் வரைதான். பின்னிரவு 1.30-க்குக் கேஎல் சென்ட்ரலில் இறக்கிவிட்டால் கிள்ளான்காரருக்கு அது என்ன உதவி? வேறு சில இடங்களில் வேன் வீட்டு வாசல் வரை வரும், ஆனால் எல்லாரும் வேலையை முடிக்கும் வரை காத்திருந்து, ஆறு பேரை ஆறு தாமானில் இறக்கும். கடைசியாக இறங்குபவர் 3 மணிக்கு வீட்டை அடைவார், கடைசி அரை மணி நேரம் ஓட்டுநரோடு தனியாக. என் அட்டவணையில் கடைசி இறக்கம் ஒரு பெண்ணாக இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தோம். அந்த விதி நீங்கள் போகும் இடத்தில் இருக்கிறதா, வேன் பழுதானால் யார் செலவில் கிராப், ஓட்டுநர் பகலில் வேறு வேலை செய்துவிட்டு வருபவரா என்பதெல்லாம் கேட்கக்கூடிய கேள்விகள்தான். கேட்பதால் யாரும் வேலையைத் திரும்பப் பெறுவதில்லை.

கடிதத்தில் இல்லாததைப் பார்க்க, ஒரு வியாழன் இரவு நானும் அவளும் 12.30-க்கு அந்தக் கட்டடத்துக்குப் போனோம். பகலில் திறந்திருக்கும் முன்வாசல் பூட்டியிருந்தது. கிராப் பின்பக்கம், சரக்கு ஏற்றும் வழியில்தான் வருகிறது. விளக்கு ஒன்று எரியவில்லை. காவலர் உள்ளே லாபியில் காத்திருக்க விட்டார், அது நல்ல அடையாளம். வண்டி கேட்டதும் முதல் ஓட்டுநர் கிள்ளான் என்று பார்த்து ரத்து செய்தார், இரண்டாமவரும் அப்படியே. மூன்றாவது வண்டி வர 22 நிமிடம். ஏறும் முன் எண் பலகையைச் செயலியோடு ஒப்பிட்டு, பயண இணைப்பை அக்காளுக்கு அனுப்பிவிட்டுப் பின்னிருக்கையில் உட்கார்ந்தோம். இந்த ஒரு இரவு, நேர்முகத் தேர்வில் கேட்டதைவிட அதிகம் சொன்னது.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையே வழக்கமான வழியில் நடக்கும் விபத்துக்கு சொக்சோ பாதுகாப்பு உண்டு என்பதையும் அவளிடம் சொன்னேன். வேலை முடிந்து தோழிகளோடு பாங்சாரில் மாமாக் கடைக்குத் திரும்பி, அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஏதாவது நடந்தால் அந்தக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

தகவல் தொழில்நுட்பத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு ஒரு வடிவம் வரும். காலை 9 முதல் மாலை 6 வரை வழக்கமான வேலை, பிறகு இரவு 10 மணிக்கு “ஒரு சின்ன கால்” மட்டும். பயணமும் இல்லை, அலவன்ஸும் இல்லை. ஒரு நாளின் வேலை நேரம் இடைவேளைகள் உட்பட பத்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது வேலைச் சட்டத்தின் பொதுக் கணக்கு. காலை 9-க்குத் தொடங்கி இரவு 11-க்கு முடிப்பது 14 மணி. வாரத்தில் எத்தனை இரவு, அடுத்த நாள் தாமதமாகத் தொடங்கலாமா என்ற இரண்டையும் கடிதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

தீபாவளியையும் கேட்கச் சொன்னேன். சட்டப்படியான 11 பொது விடுமுறைகளில் ஐந்து மட்டுமே எல்லா முதலாளிக்கும் கட்டாயம். தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. மற்ற ஆறை நிறுவனம் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்தாலும், நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட் எந்தத் தேதிக்குச் சேரும் என்பது இன்னொரு கேள்வி. முதல் நாள் இரவு 9-க்குத் தொடங்கும் ஷிப்டை முந்தைய தேதியில் கணக்கு வைத்தால், எண்ணெய் வைத்துக் குளிக்கும் காலை 6 மணிக்கு அவள் பங்சார் சவுத்தில்தான் இருப்பாள்.

கடைசியில் அவள் இரண்டாவது வேலையை விட்டுவிட்டாள். அக்காளுக்கு நீரிழிவு, பாட்டிக்கும் இருந்தது. பகல் தூக்கத்துக்கு ஏற்ற அறை அந்த வீட்டில் இல்லை. முதல் வேலைக்கு மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். மூன்று மாதத் தகுதிகாண் காலத்துக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று மாதத்துக்கும், அதன் பிறகு அலுவலகம் வரும் நாட்களுக்கும், இரவு 11-க்குப் பிந்திய கிராப் ரசீதை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று கேட்டோம். வீட்டிலிருந்து செய்யும் நாளுக்கும் 20 வெள்ளி உண்டா என்றும் கேட்டோம். நான்கு நாள் கழித்து இரண்டுக்கும் சம்மதம் வந்தது, திருத்திய கடிதத்தோடு. கடிதம் வரும் வரை பழைய வேலையில் ராஜினாமா கொடுக்கவில்லை.

தகுதிகாண் காலம் முடிந்த பிறகு மாதம் ஒன்பது நாள்தான் அலுவலகம். போகும் செலவு 63 வெள்ளி. 3,740-இல் அது போக 3,677. கிராப் பணத்தை முதலில் தானே கட்டி மாதக் கடைசியில் கோர வேண்டும் என்பதால், முதல் மாதத்துக்கு ஆயிரம் வெள்ளி கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதை அத்தான் கடனாகக் கொடுத்தார். மாடியில் அவள் அறைக்குத் தடித்த திரைச்சீலை போட்டாயிற்று. குக்கரைக் காலை 10 மணிக்கு முன் வைப்பதில்லை என்று அக்காள் சொல்கிறார், நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.